சேலைக்கு ஃபால்ஸ் துணி தேர்ந்தெடுப்பது: முதலில் சாயம், பிறகு சுருக்கம், கடைசியில் விறைப்பு

ஃபால்ஸ் தைத்த சேலை குறையோடு திரும்பி வந்தால், தையல் பிரிந்து வருவது குறைவு. கீழ்க்கரை அலை அலையாகச் சுருண்டிருக்கும், அல்லது கொசுவத்தின் அடி குழாய் மாதிரி விறைத்து நிற்கும், அல்லது வெளிர் நிறச் சேலையின் கரையோரம் ஃபால்ஸின் சாயம் ஏறியிருக்கும். இந்த மூன்றுக்கும் காரணம் ஊசியைக் கையில் எடுப்பதற்கு முன்பே, துணியை எடுத்த விதத்தில் இருக்கிறது.

என்னிடம் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் கடையில் ஃபால்ஸைத் தொட்டுப் பார்த்து, 'நல்லா மெத்துனு இருக்குக்கா' என்றோ 'கெட்டியா இருக்குக்கா' என்றோ வாங்கிவிடுகிறார்கள். கடையில் கைக்குத் தெரிவது பெரும்பாலும் துணியின் மேல் ஏற்றிய கஞ்சிதான். ஒரு முறை நனைத்தால் அது போய்விடும். அதனால் எல்லாரும் முதலில் பார்க்கும் விறைப்பை நான் கடைசியில் பார்க்கச் சொல்கிறேன். சாயம் போகிற துணி என்றால் மற்ற இரண்டையும் பார்த்துப் பயனில்லை என்பதால் சாயச் சோதனை முதலில் வருகிறது. சுருக்கம் பார்ப்பதற்காக நனைக்கும்போதே கஞ்சியும் இறங்கிவிடும் என்பதால் அது நடுவில்.

ஒரே ஒரு சேலையை எடுத்துக்கொண்டு கடைசிவரை அதோடு போகலாம். சந்தன நிற உடல், அரக்கு நிறத்தில் 3 அங்குலக் கரை, புதுக் கைத்தறிக் காட்டன், இன்னும் தண்ணீர் படாதது. மூன்று சிக்கலும் ஒன்றாக வரக்கூடிய சேலை இது.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

டேப், குண்டூசிகள், இஸ்திரிப் பெட்டி, ஒரு வெள்ளைக் கிண்ணம் அல்லது பீங்கான் தட்டு, இரண்டு மூன்று துண்டு பழைய வெள்ளைக் காட்டன் துணி. வெள்ளைத் துணி பலமுறை துவைத்த வேட்டியாகவோ கைக்குட்டையாகவோ இருந்தால் நல்லது. புதுத் துணியில் உள்ள கஞ்சி சாயத்தைச் சரியாக ஒட்டவிடாது. சாயம் போகும் ஃபால்ஸ்கூட நல்லதுபோலத் தெரியும்.

இவற்றோடு இரண்டு நாள் அவகாசமும் வேண்டும். 'நாளைக்குக் கல்யாணம், இன்னைக்கே தைச்சுக் கொடுங்க' என்று கேட்கிறவர்களுக்கு, சாயத்தில் சந்தேகமே வராத வெளிர் நிற ஃபால்ஸைத்தான் வைக்கிறேன். அடர் நிறத்தைச் சோதிக்க ஓர் இரவு தேவை.

2. சேலையிடம் இரண்டு விஷயங்களைத் தெரிந்துகொள்ளுங்கள்

முதலாவது, இந்தச் சேலை எப்படிச் சுத்தம் செய்யப்படும்? வீட்டில் துவைத்துக் கஞ்சி போடுவார்களா, டிரைகிளீனிங் கொடுப்பார்களா, அலசிக் காயப்போட்டால் போதுமா? ஃபால்ஸின் வகையை இந்தப் பதில்தான் முடிவு செய்கிறது.

வீட்டில் துவைக்கும் காட்டன் சேலைக்குக் காட்டன் ஃபால்ஸ். ஜார்ஜெட், ஷிஃபான் போன்ற சிந்தெடிக் சேலைகளுக்கு மெல்லிய பாலியஸ்டர் ஃபால்ஸ். பட்டுச் சேலைக்கு முன்கூட்டியே நனைத்துச் சுருக்கிய மென்மையான காட்டன் ஃபால்ஸ்.

காட்டன் சேலைக்குப் பாலியஸ்டர் வேண்டாம் என்பதற்குச் சுருக்கத்தைத் தவிர இன்னொரு காரணமும் உண்டு. காட்டனுக்கு வைக்கிற இஸ்திரிச் சூடு பாலியஸ்டருக்கு அதிகம். கஞ்சி போட்ட சேலையை அழுத்தித் தேய்க்கும்போது உள்ளே இருக்கும் பாலியஸ்டர் பட்டை சுருங்கி மினுமினுப்பாகிவிடும். சேலை வெளியில் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் கீழ்க்கரை நேராக நிற்காது.

இரண்டாவது, கரையின் அகலம் எவ்வளவு? ஃபால்ஸ் பட்டை சுமார் 5 அங்குல அகலம் இருக்கும். கரை அதைவிட அகலமானால் ஃபால்ஸ் முழுக்கக் கரைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். குறுகிய கரையானால் மீதி அகலம் சேலையின் உடலுக்குப் பின்னால் தெரியும். நிறம் எடுக்கும்போது இந்த அளவு தேவைப்படும்.

3. நிறம் எடுப்பது

'கரை நிறத்துலயே எடு' என்பது எல்லாக் கடையிலும் சொல்லும் வாக்கியம். அகலக் கரைக்கு அது சரி. நம் சேலைக்குப் பொருந்தாது.

கரை 3 அங்குலம், ஃபால்ஸ் 5 அங்குலம். மீதி 2 அங்குலம் சந்தன உடலுக்குப் பின்னால் வரும். அரக்கு ஃபால்ஸ் வைத்தால், மெல்லிய காட்டன் வழியாக அந்த 2 அங்குலம் கரைக்கு மேலே ஒரு கறுத்த பட்டையாகத் தெரியும். வெயிலில் நடக்கும்போது தூரத்திலிருந்தே தெரியும்.

சந்தன நிற ஃபால்ஸ் வைத்தால் உடலுக்குப் பின்னால் நிழல் விழாது. அரக்குக் கரை அடர் நிறம் என்பதால் அதன் பின்னால் சந்தனப் பட்டை இருப்பது முன்பக்கம் தெரியாது. நடக்கும்போது கொசுவம் விலகினால் உள்பக்கம் மட்டும் லேசாகத் தெரியலாம். எனக்கு அதில் குறை இல்லை. சாயம் ஏறும் பயமும் இதில் மிகவும் குறைவு.

எனவே குறுகிய கரையும் வெளிர் உடலும் உள்ள சேலைக்கு உடல் நிறத்தை எடுங்கள். சரியான சாயல் கிடைக்காவிட்டால் ஒரு படி வெளிறியதை எடுக்கலாம், ஒரு படி அடர்ந்ததை எடுக்காதீர்கள். வெளிறியது பின்னால் மறையும், அடர்ந்தது நிழலாகத் தெரியும்.

நிறத்தைக் கடைக்குள் குழல்விளக்கு வெளிச்சத்தில் மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சேலையைக் கையோடு கொண்டுபோய், ஃபால்ஸைக் கரைக்குப் பின்னால் வைத்து, வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் முன்பக்கத்திலிருந்து பாருங்கள். புதிதாக வருகிறவர்கள் ஃபால்ஸைச் சேலையின் மேலே வைத்து நிறம் பார்க்கிறார்கள். அது பின்னால் இருக்கப்போகிற துணி, பின்னால் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

4. காட்டன் என்று சொன்னது காட்டன்தானா?

காட்டன் என்று சொல்லி விற்பதில் பாலியஸ்டர் கலந்ததும் இருக்கும். வாங்கி வந்ததும் முனையிலிருந்து நான்கைந்து இழைகளை உருவி, முறுக்கி, ஓர் இடுக்கியில் பிடித்து, தண்ணீர்த் தொட்டிக்கு மேலே வைத்துக் கொளுத்திப் பாருங்கள்.

காட்டன் காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து, தொட்டால் உதிரும் சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிச் சுருண்டு, ஆறியதும் கடுகு மாதிரி ஒரு கெட்டிக் குமிழாகும். இரண்டும் கலந்ததில் சாம்பலும் இருக்கும், அதற்குள் விரலுக்கு நெருடும் கட்டியும் இருக்கும். நீளவாக்கு இழையையும் குறுக்கு இழையையும் தனித்தனியாகக் கொளுத்துங்கள். ஒன்று காட்டனாகவும் மற்றது பாலியஸ்டராகவும் இருக்க வாய்ப்புண்டு.

கலப்பு என்பதாலேயே அதைத் தூக்கிப் போட வேண்டாம். சுருக்கம் குறைவான சேலைக்கு அது பயன்படும். நம் காட்டன் சேலைக்கு மட்டும் வேண்டாம்.

5. சாயச் சோதனை

இந்தப் படியைத் தவிர்த்த ஒரு நாள் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. தந்த நிறச் சேலைக்குச் சிவப்பு ஃபால்ஸ் வைத்துத் தைத்துக் கொடுத்தேன். முதல் துவையலுக்குப் பிறகு அந்தச் சகோதரி சேலையைக் கொண்டுவந்து விரித்தார். ஃபால்ஸ் இருந்த நீளம் முழுக்க ரோஜா நிறத்தில் ஒரு பட்டை ஏறியிருந்தது. தண்ணீரில் மட்டும் அலசி, 'சாயம் போகலை' என்று நானே முடிவு செய்திருந்தேன். அது போதாது என்று அன்றைக்குத் தெரிந்தது.

ஃபால்ஸின் முனையிலிருந்து 5 செ.மீ. வெட்டிக்கொள்ளுங்கள். அந்தத் துண்டை மூன்று விதமாகப் பார்க்க வேண்டும்.

முதலில் ஈரத் தேய்ப்பு. வெள்ளைத் துணியை நனைத்துப் பிழிந்து, விரலில் சுற்றி, ஃபால்ஸ் துண்டின் மேல் பத்து முறை அழுத்தித் தேய்க்கவும். துணியில் நிறம் வந்தால், துணிக்குள் பிடிக்காத சாயம் மேலே தங்கியிருக்கிறது என்று அர்த்தம். இது சில அலசல்களில் போகக்கூடியது, இதைப் பார்த்தே ஒதுக்கிவிட வேண்டாம்.

அடுத்து சோப்புத் தண்ணீர். வெள்ளைக் கிண்ணத்தில் வெதுவெதுப்பான தண்ணீரும் நீங்கள் துவைக்கப் பயன்படுத்தும் சோப்புத்தூளும் போட்டு, துண்டை அரை மணி நேரம் ஊறவிடுங்கள். வெறும் தண்ணீரில் பிடித்து நிற்கும் சாயம் சூட்டிலும் சோப்பிலும் இறங்கும். வெள்ளைக் கிண்ணம் எதற்கென்றால், எவர்சில்வர் பாத்திரத்தில் லேசான நிறம் கண்ணுக்குத் தெரியாது.

மூன்றாவதுதான் மிக முக்கியமானது. ஈரமான ஃபால்ஸ் துண்டை ஈரமான வெள்ளைத் துணியின் மேல் வைத்து, இரண்டையும் சேர்த்து இறுக்கமாகச் சுருட்டி, பிளாஸ்டிக் பையில் போட்டு மேலே ஒரு கனமான பொருளை வைத்து ஓர் இரவு விடுங்கள். காலையில் பிரித்துப் பாருங்கள்.

இது ஏன் முக்கியம் என்றால், சேலையில் சாயம் ஏறுவது வாளித் தண்ணீரில் மட்டும் நடப்பதில்லை. பிழிந்து வைத்த சேலை மடிப்போடு மடிப்பு ஒட்டிக் கிடக்கும்போதும், மழையில் நனைந்த கொசுவம் வீடு திரும்பும்வரை ஒன்றோடொன்று அழுந்தி இருக்கும்போதும் மெல்ல ஏறுகிறது. ஃபால்ஸ் இருப்பது காலடியில். தெருத் தண்ணீர் முதலில் படுவது அதன்மேல்தான். டிரைகிளீனிங் மட்டும் கொடுக்கும் பட்டுக்குக்கூட இதற்காகத்தான் இந்தச் சோதனை வேண்டும்.

காலையில் வெள்ளைத் துணியில் கறை இல்லையென்றால் ஃபால்ஸ் தேறிவிட்டது. லேசான கறை இருந்தால் முழு ஃபால்ஸையும் சோப்புத் தண்ணீரில் மூன்று முறை அலசி, மறுபடி ஓர் இரவுச் சோதனை வையுங்கள். அப்போதும் கறை வந்தால் அந்த ஃபால்ஸை அந்தச் சேலைக்கு வைக்காதீர்கள். அதே நிறச் சேலைக்கு வேண்டுமானால் எடுத்து வைக்கலாம்.

உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்று பலர் சொல்கிறார்கள். உப்பு இருக்கும் தண்ணீரில் சாயம் குறைவாக இறங்கும், அதைப் பார்த்து நின்றுவிட்டது என்று தோன்றும். உப்பில்லாத தண்ணீரில் அடுத்த முறை போடும்போது மறுபடி இறங்கும். உப்பில் ஊறவைத்த ஃபால்ஸை வெறும் தண்ணீரில் அலசிய பிறகு, சோதனையை முதலிலிருந்து செய்யுங்கள்.

கஞ்சி போடும் சேலையானால் இன்னும் கவனம். கஞ்சியில் முக்கும்போது ஃபால்ஸிலிருந்து இறங்கும் சாயம் அந்தக் கஞ்சியோடு சேர்ந்து சேலை முழுக்கப் படியும். கரையோரம் மட்டும் கறையாவது ஒரு வகை. இதில் சந்தன உடல் முழுவதும் மங்கிப்போகும்.

தைக்கும் நூலையும் மறக்க வேண்டாம். அடர் நிறக் காட்டன் நூலும் சாயம் விடும். வெளிர் சேலையில் ஒவ்வொரு தையலைச் சுற்றியும் புள்ளி புள்ளியாகக் கறை நிற்கும். பாலியஸ்டர் நூல் இதற்குப் பாதுகாப்பு.

6. சேலை எவ்வளவு சுருங்கும்? ஜாக்கெட் துணியில் அளந்து பாருங்கள்

ஃபால்ஸ் சுருங்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். அதை மட்டும் நனைத்துவிட்டு, நனையாத புதுக் காட்டன் சேலையில் தைப்பவர்கள் அதிகம். அப்போது சேலைதான் பிறகு சுருங்கும், ஃபால்ஸ் சுருங்காது. பட்டை நீளமாகி உள்பக்கம் பை மாதிரி தொங்கும். இரண்டும் எவ்வளவு சுருங்கும் என்று தெரிந்தால்தான் பொருத்தம் பார்க்க முடியும்.

புதுச் சேலையை நனைக்காமலே இதைத் தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. சேலையோடு வரும் ஜாக்கெட் துணியும் சேலையும் ஒரே பாவில் நெய்தவை. பாவு இழை சேலையின் நீளத்தில் ஓடுகிறது, ஃபால்ஸும் நீளத்தில்தான் போகிறது. ஆகவே ஜாக்கெட் துணி நீளவாக்கில் எவ்வளவு சுருங்குகிறதோ, சேலையும் ஏறக்குறைய அவ்வளவுதான் சுருங்கும். ஜாக்கெட் துணியைத் தைக்கும் முன் எப்படியும் நனைக்கத்தானே வேண்டும்.

ஜாக்கெட் துணியை வெட்டி எடுத்து, கரை ஓடும் திசையில் 50 செ.மீ. அளந்து, இரண்டு முனையிலும் வேறு நிற நூலால் ஒரு தையல் போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பென்சில் குறி துவையலில் போய்விடும். துணியை இழுத்துப் பிடித்து அளக்காதீர்கள், மேசையில் கிடத்தி அளக்கவும். நனைத்து, நிழலில் காயவைத்து, லேசாக இஸ்திரி போட்டு மறுபடி அளக்கவும்.

நம் சந்தனச் சேலையின் ஜாக்கெட் துணி 50-லிருந்து 48.5 செ.மீ. ஆனது. நூற்றுக்கு மூன்று பங்கு.

பட்டுச் சேலையில் இந்தச் சோதனை வேண்டாம். அதைத் தண்ணீரில் போடப்போவதில்லை என்பதால், சேலை சுருங்காது என்றே எடுத்துக்கொண்டு ஃபால்ஸை மட்டும் முழுமையாகச் சுருக்கி வைத்தால் போதும்.

7. ஃபால்ஸை அளந்து நனைப்பது

ஃபால்ஸிலும் அதே மாதிரி 50 செ.மீ. குறித்துக்கொண்டு, முழுப் பட்டையையும் நனைக்க வேண்டும். சின்னத் துண்டை மட்டும் நனைத்து அளந்தால் அளவில் ஒரு மில்லிமீட்டர் தவறுகூடப் பெரிதாகிவிடும்.

பட்டையைச் சுருட்டியபடியே தண்ணீரில் போடாதீர்கள். உள்சுற்றுக்குத் தண்ணீர் சரியாகப் போகாது, சுருக்கம் ஒரே மாதிரி வராது. முழுதாகப் பிரித்து, தளர்வாக மடித்து, வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு மணி நேரம் ஊறவிடுங்கள். முறுக்கிப் பிழியாமல் ஒரு துண்டில் வைத்து அழுத்தி ஈரத்தை எடுங்கள்.

காயப்போடும்போது கொடியில் ஒரு முனையைக் கிளிப் போட்டுத் தொங்கவிடாதீர்கள். ஈரத்தின் எடையே அதை நீட்டிவிடும். கொடியின் நீளத்துக்குப் படுக்கவைத்தோ, பாயில் விரித்தோ நிழலில் காயவையுங்கள்.

இஸ்திரி போடும் இடத்தில்தான் நிறையப் பேர் பாடுபட்டதைக் கெடுத்துக்கொள்கிறார்கள். லேசான ஈரத்தில் பெட்டியை நீளவாக்கில் தள்ளித் தள்ளித் தேய்த்தால், சுருங்கிய துணி மறுபடி நீளும். அளந்தால் சுருங்காத மாதிரி காட்டும், தைத்த பிறகு முதல் துவையலில் பழைய இடத்துக்கே திரும்பும். பெட்டியைத் தூக்கி வைத்து அழுத்துங்கள், தூக்கி அடுத்த இடத்தில் வையுங்கள்.

நம் ஃபால்ஸ் 50-லிருந்து 47.5 செ.மீ. ஆனது. நூற்றுக்கு ஐந்து. இப்போது கணக்குப் போடலாம். ஃபால்ஸின் நீளம் 2.6 மீட்டர். நனைக்காமல் தைத்திருந்தால் அது 13 செ.மீ. சுருங்கியிருக்கும். அதே நீளத்துக்குச் சேலை 7.8 செ.மீ. சுருங்கியிருக்கும். வித்தியாசம் 5 செ.மீ.க்குச் சற்று அதிகம். அந்த 5 செ.மீ. சேலைக்குப் போக இடம் இல்லாமல் கீழ்க்கரை முழுக்கச் சிற்றலையாக நின்றிருக்கும்.

ஃபால்ஸை மட்டும் நனைத்துத் தைத்திருந்தால் எதிர்ப்பக்கம் தவறியிருக்கும். சேலை 7.8 செ.மீ. சுருங்கி, பட்டை அவ்வளவும் மிஞ்சித் தொங்கியிருக்கும். பாதி வேலை செய்தால் ஒன்றும் செய்யாததைவிட மோசமாகிறது என்பதைப் பாருங்கள்.

எனவே நம் சேலைக்குச் சரியான வழி, சேலையையும் ஒரு முறை நனைத்துக் காயவைத்துவிட்டு, நனைத்த ஃபால்ஸை வைப்பது. அரக்குக் கரையே சந்தன உடலில் சாயம் விடுமா என்பதையும் முதலில் கரையின் ஒரு மூலையில் ஈரத் தேய்ப்பு செய்து பார்த்துக்கொண்டு நனையுங்கள்.

புதுச் சேலையை ஒரு முறையாவது அப்படியே கட்டிவிட்டுத்தான் தண்ணீரில் போடுவேன் என்கிறவர்கள் உண்டு. அந்த ஆசையில் தவறில்லை. முதல் தடவை ஃபால்ஸ் இல்லாமல் கட்டிக்கொள்ளச் சொல்லுங்கள், துவைத்த பிறகு தைக்கலாம். அதற்கும் சம்மதிக்காவிட்டால், நனைக்காத ஃபால்ஸ்களில் சேலையின் சுருக்கத்துக்கு நெருங்கியதைத் தேடி எடுக்க வேண்டும். மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர்வரை வித்தியாசத்தைத் தளர்வான கைத்தையல் தாங்கிக்கொள்கிறது என்பது என் அனுபவம். அதற்கு மேல் தாங்காது.

ஃபால்ஸை இரண்டாம் முறையும் நனைத்து அளந்து பாருங்கள். இரண்டாவதில் 2 மில்லிமீட்டருக்கு மேல் குறைந்தால் இன்னும் சுருக்கம் பாக்கி இருக்கிறது, மூன்றாவது முறையும் நனையுங்கள்.

சுருங்கிய பிறகு நீளம் போதுமா என்பதையும் பார்க்க வேண்டும். 2.6 மீட்டர் இப்போது 2.47 ஆகிவிட்டது, சோதனைக்கு வெட்டிய துண்டு வேறு போயிருக்கிறது. சேலையைக் கட்டிப் பார்த்து, கடைசிக் கொசுவம் முடியும் இடத்தில் கீழ்க்கரையில் ஒரு குண்டூசி குத்துங்கள். இடுப்பில் செருகும் முனையிலிருந்து 15 செ.மீ. விட்டு, அங்கிருந்து குண்டூசிவரை அளக்கவும். ஃபால்ஸ் அதைவிட ஒரு சாண் நீளமாவது இருக்க வேண்டும். கொசுவத்தின் நடுவில் ஃபால்ஸ் முடிந்தால், அந்த மடிப்பு மட்டும் தனியாக மேலே தூக்கி நிற்கும்.

8. விறைப்பைப் பார்ப்பது

இப்போது கஞ்சி முழுக்கப் போய்விட்டது, துணியின் சொந்தக் குணம் கைக்குத் தெரியும். கடையில் அட்டை மாதிரி இருந்த ஃபால்ஸ் துவண்டு போயிருக்கலாம். மெல்லியது என்று நினைத்தது நெருக்கமான நெசவால் அதே மொடமொடப்போடு இருக்கலாம்.

கையால் தொட்டுப் பார்ப்பதோடு நிற்காமல், மேசை ஓரத்தில் வைத்துப் பாருங்கள். சேலையின் செருகும் முனையை மேசையில் வைத்து, கரைப் பகுதி 15 செ.மீ. வெளியே நீண்டிருக்கும்படி விட்டு, மேலே ஒரு ஸ்கேலை வைத்து அழுத்துங்கள். நுனி எவ்வளவு கீழே வளைகிறது என்று பாருங்கள். பக்கத்திலேயே ஃபால்ஸையும் 15 செ.மீ. நீட்டி வையுங்கள்.

ஃபால்ஸ் சேலையளவுக்கோ அதைவிடச் சற்று அதிகமாகவோ வளைந்தால் பொருந்தும். சேலை தொங்கும்போது ஃபால்ஸ் நேராக நீட்டிக்கொண்டு நின்றால் பொருந்தாது. கொசுவத்தின் ஒவ்வொரு மடிப்பும் அடியில் விரிந்து நிற்கும், நடக்கும்போது காலில் இடிக்கும்.

இதற்குப் பிறகு இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, விரலால் ஐந்து கொசுவம் மடித்து, கீழே விட்டுப் பாருங்கள். மடிப்பு நேராக இறங்குகிறதா, விரிகிறதா என்பது கண்ணுக்கே தெரியும். எனக்கு இந்தச் சோதனைமேல்தான் நம்பிக்கை அதிகம்.

கஞ்சி போடும் சேலைக்கு ஒரு படி மெல்லிய ஃபால்ஸை எடுங்கள். கஞ்சி சேலையில் மட்டும் ஏறாது, ஃபால்ஸிலும் ஏறும், இரண்டுக்கும் நடுவில் தங்கி ஒட்டியும் வைக்கும். கஞ்சிக்கு முன் சரியாக இருந்த விறைப்பு, கஞ்சிக்குப் பின் கீழ்க்கரையைப் பலகை மாதிரி ஆக்கிவிடும். நம் சந்தனச் சேலைக்கு இரண்டு ஃபால்ஸ் பார்த்தேன். மேசை ஓரத்தில் சேலையளவே வளைந்ததை வைத்துவிட்டு, அதைவிடத் துவண்டதைத்தான் எடுத்தேன். அந்த வீட்டில் ஒவ்வொரு துவையலுக்கும் கஞ்சி போடுகிறார்கள்.

ஷிஃபான், ஜார்ஜெட்டில் தவறு எதிர்ப்பக்கமாக நடக்கிறது. 'சேலை காத்துல பறக்குது, கனமா ஒண்ணு வைங்க' என்று கேட்பார்கள். கனமும் விறைப்பும் வேறு வேறு. கனமாகவும் துவளும்படியும் இருக்கும் துணி சேலையைக் கீழே இழுத்து நிறுத்தும். விறைப்பான துணி சேலையைக் கீழே இழுக்காது, வெளியே தள்ளும்.

கனத்த ஜரிகைக் கரைப் பட்டுக்கு விறைப்பு சேர்க்க வேண்டிய தேவையே இல்லை, கரை தானே நிற்கும். அதில் ஃபால்ஸின் வேலை, ஜரிகையைத் தரையும் கொலுசும் மெட்டியும் உரசாமல் காப்பது. ஆகவே அங்கு நெருக்கமான நெசவும் மென்மையும் இருந்தால் போதும்.

9. பொருத்தும்போது கவனிக்க வேண்டியது

இவ்வளவு பார்த்து எடுத்த துணியையும் இழுத்துத் தைத்தால், சுருங்கியதுபோலத்தான் தெரியும். சேலையை மடியில் போட்டுக் குத்தாதீர்கள். மேசையிலோ தரையிலோ உள்பக்கம் மேலே தெரியும்படி விரித்து, ஃபால்ஸை அதன்மேல் தளர்வாகக் கிடத்துங்கள்.

முதல் குண்டூசியை நடுவில் குத்தி, அங்கிருந்து இரண்டு பக்கமும் போங்கள். ஒரு முனையிலிருந்து தொடங்கினால், கை தன்னையறியாமல் தள்ளிக்கொண்டு வந்த மிகுதி முழுவதும் மறுமுனையில் சேரும்.

ஃபால்ஸின் கீழ் விளிம்பு சேலை விளிம்புக்கு 2 மில்லிமீட்டர் மேலே இருக்கட்டும். ஒட்டி வைத்தால் துவைத்த பிறகு எட்டிப் பார்க்கும். கீழ் விளிம்பை எம்மிங் செய்து முடித்து, சேலையைத் தூக்கித் தொங்கவிட்டுப் பார்த்த பிறகு மேல் விளிம்பைத் தையுங்கள். மேல் விளிம்பில் நூலை இறுக்காதீர்கள், அங்கே இறுகினால் முன்பக்கம் குழி குழியாகத் தெரியும்.

10. ஏற்கெனவே தைத்த சேலையில் குறை எதனால் என்று கண்டுபிடிப்பது

கீழ்க்கரை சுருண்டு, உள்ளே பட்டை இறுக்கமாக இருந்தால் ஃபால்ஸ் சுருங்கியிருக்கிறது. சேலை நேராக இருந்து, பட்டை உள்ளே பையாகத் தொங்கினால் சேலை சுருங்கியிருக்கிறது. இரண்டுக்கும் வைத்தியம் ஒன்றுதான். பிரித்து, இரண்டையும் தனித்தனியாக இஸ்திரி போட்டு மறுபடி தைக்க வேண்டும். ஒரு துவையல் கண்டுவிட்டதால் அதே ஃபால்ஸையே திரும்ப வைக்கலாம். பட்டை சுருங்கியிருந்தால் மட்டும் நீளம் போதுமா என்று முதலில் பாருங்கள்.

சாயம் ஏறியிருப்பதை ஈரமாக இருக்கும்போதே பார்த்துவிட்டால் காயவிடாதீர்கள், இஸ்திரி போடவே போடாதீர்கள். காட்டன் சேலையானால் அந்த ஈரத்தோடே ஃபால்ஸைப் பிரித்து எடுத்துவிட்டு, சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, தண்ணீர் நிறம் மாறும்போதெல்லாம் மாற்றி மாற்றி அலசுங்கள். ஃபால்ஸை வைத்துக்கொண்டே அலசினால் இறங்குகிற அளவுக்கு ஏறிக்கொண்டும் இருக்கும். பிளீச் போட்டு வெளுக்க முயலாதீர்கள், சேலையின் சொந்த நிறமும் கூடவே போய்விடும்.

மேலே சொன்ன தந்த நிறச் சேலையைக் காய்ந்த பிறகுதான் என்னிடம் கொண்டுவந்தார்கள். நான்கு முறை ஊறவைத்தும் ரோஜாப் பட்டை மங்கியதே தவிர முழுக்கப் போகவில்லை. கடைசியில் அந்த இடத்தை மறைக்கக் கீழே ஒரு தனிக் கரை வைத்துத் தைத்துக் கொடுத்தேன். அந்தக் கரைத் துணியை முதலில் ஓர் இரவு வெள்ளைத் துணியோடு சுருட்டி வைத்துப் பார்த்துவிட்டுத்தான் எடுத்தேன்.